ஆய்த எழுத்தில் முடியும் சொல்

நெதர்லாந்தின் டெல்ஃப்டுக்குப் படிக்க வந்த இரண்டாம் நாளே அந்தச் சொல் என் காதில் விழுந்தது. மாடியறையில் பெட்டியைப் பிரித்து, எவர்சில்வர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாள், பெயர் வில், ஏணி போலச் செங்குத்தான படிகளில் எழுபத்தோரு வயதிலும் மூச்சு வாங்காமல் ஏறி வந்தார். டம்ளரைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் தலைக்கு மேலே எரிந்த வெள்ளை விளக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஒன்ஹெஸெல்லஃ."

மறுநாள் காலை என் கதவருகே ஒரு பழைய மேஜை விளக்கு இருந்தது. மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் என் பாடப்புத்தகத்தின் அடிக்குறிப்பைக்கூடப் படிக்க முடியவில்லை.

'ஒன்' என்றால் எதிர்மறை, ஆகவே என் அறை 'ஹெஸெல்லஃ' இல்லை என்பது மட்டும் புரிந்தது. சொல்லவும் வரவில்லை. முதல் எழுத்துக்கே தொண்டையில் மீன்முள் சிக்கியது போலக் காறவேண்டும். கடைசி எழுத்துக்கு இன்னொரு தடவை. எஃகு, அஃது என்று பள்ளிக்கூடத்தோடு விட்டுவந்த மூன்று புள்ளிதான் கைகொடுத்தது. எங்கள் தமிழய்யா கேட்டால் மகிழ்ந்துபோவார்.

ஃபோனில் தேடினால் 'இதமான' என்று வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். வில் புதிதாக ஒரு சோபா வாங்கியிருந்தார். அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஹெஸெல்லஃ" என்றேன், பெருமையாக. பக்கத்து வீட்டுக்காரர், கேஸ் என்று பெயர், காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சோபா மட்டுமா? பாவம், அது தனியாக என்ன செய்யும்?"

அப்புறம் ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். யார் எப்போது சொன்னார்கள் என்று. வியாழக்கிழமைச் சந்தை ஹெஸெல்லஃ. நியூவ கெர்க் தேவாலயக் கோபுரத்தடியில் மீன் கடையும் பூக்கடையும் பாலாடைக்கட்டிக் கடையுமாக இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம் அது. மழையில் நனைந்து வந்து வில்லின் சமையலறையில் காபி குடித்ததும் ஹெஸெல்லஃ. கூட்டமும் அதுவாம், கூட்டமில்லாததும் அதுவாம். நடு மாடியில் இருக்கும் சுனிதா அக்கா சுரினாம் நாட்டுப் பாராமரிபோவில் பிறந்து சிறுமியாக இங்கே வந்தவர், மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு பேர் நின்றால் முழங்கை முட்டும் அவர் அடுப்படியில் சுரினாம் ரொட்டி சுட்டுத் தந்தபோது, "உனக்கும் ஹெஸெல்லஃ பைத்தியமா?" என்று கேட்டேன். "பின்னே? நானும் இந்த ஊர்க்காரிதானே" என்றார்.

அக்டோபரில் வில்லின் பிறந்தநாள். மாலை முழுக்கத் தாங்கும் சாப்பாடு இருக்கும் என்று மதியம் நான் எதுவும் சாப்பிடவில்லை. அது என் தப்பு. உள்ளே நுழைந்தால் நாற்காலிகள் வட்டமாக, எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் போடுவது போல. வந்தவர்கள் எல்லாரும் எல்லாருடைய கையையும் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள். வில்லுக்குச் சொன்னது சரி. வில்லின் தங்கைக்கும் சொன்னார்கள், கேஸுக்கும் சொன்னார்கள், எனக்கும் சொன்னார்கள். அவருக்கு வயது கூடியதில் என் பங்கு என்ன? ஆளுக்கு ஒரு துண்டு கேக், ஒரு காபி. ஒருவர் தன் மிதிவண்டிச் செயின் அறுந்த கதையைச் சொன்னார். இன்னொருவர் அந்தச் செயினை எங்கே வாங்கினார் என்று விசாரித்தார். மழை வருமா வராதா என்று அரை மணி நேரம். பாட்டில்லை, பேச்சு உயரவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

மறுநாள் படியில் பார்த்தபோது வில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேற்று எவ்வளவு ஹெஸெல்லஃ, இல்லையா?"

நோட்டில் அதையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படி ஒரு சாயங்காலம், ஊரிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரைச் சுவிட்சில் சொருகினேன். அடியில் ஈரம் இருந்திருக்க வேண்டும். டப்பென்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு.

தடவித் தடவிக் கீழே இறங்கினேன், மன்னிப்பை டச்சு மொழியில் கோத்துக்கொண்டே. வில் அலமாரியைத் திறந்து ஒரு பெரிய பையை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்ன மெழுகுவத்திகள், நூறாவது இருக்கும். தீப்பெட்டியும் அதிலேயே. ஏதோ இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஜன்னலோரம், மேஜை, அலமாரி என்று ஒவ்வொன்றாக ஏற்றினார். கேஸை ஃபோனில் கூப்பிட்டார். அவர் டார்ச்சோடு வந்து வாசலருகே மீட்டர் இருக்கும் அலமாரியைத் திறக்கப் போனார்.

"ஃபிளாஸ்கில் காபி சூடாக இருக்கிறது" என்றார் வில்.

கேஸ் டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். கரண்ட் எங்கேயும் ஓடிவிடாது என்பது அவர் கட்சி.

"நீ தண்ணீர் படிக்கிறவன்தானே" என்று என்னைப் பார்த்தார். "1953 தெரியுமா?"

தெரியும். எங்கள் முதல் வாரப் பாடமே அதுதான். ஜனவரி 31 இரவு புயல், பிப்ரவரி 1 அதிகாலை தென்மேற்கில் கரைகள் உடைந்தன, 1,836 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கடலைத் தடுக்கும் டெல்டா அணைகள். எண்களைக் கடகடவென்று ஒப்பித்தேன்.

"என் அம்மாவுக்கு அப்போது பதினோரு வயது, ஸேலாண்ட் மாகாணத்தில்" என்றார் கேஸ். "தண்ணீர் படியேறி வந்தது. பரணில் ஏறிக்கொண்டார்கள். மூன்று வீட்டு ஆட்கள், பதினான்கு பேர். அம்மா ஒரு கோழியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு ஏறினாள்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"யாரிடமோ பாதி மெழுகுவத்தி. ஒரு ரொட்டி. எதிரும் புதிருமாக வேலித் தகராறில் இருந்த இரண்டு கிழவர்கள் ஒரே போர்வையில். விடியும்வரை கதை சொன்னார்களாம். வெளியே மாடுகள் கத்துவது கேட்கக்கூடாது என்று சத்தமாகச் சொன்னார்களாம். அம்மா சாகும்வரை இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அன்றைக்கு ஊரில் எத்தனை பேர் செத்தார்கள், இருந்தும் அந்தப் பரண்..." கேஸ் நிறுத்தினார். "அவள் அதற்கு ஒரு சொல் சொல்வாள். ரொம்ப வெட்கத்தோடு."

என்ன சொல் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு மயிலாடுதுறையின் 2012 ஞாபகம் வந்தது. மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. மொட்டை மாடியில் பாய் விரித்து நாலு வீட்டுக்காரர்களும் கிடப்போம். பகலில் குழாயடியில் பேசிக்கொள்ளாத இரண்டு அத்தைகள் இருட்டில் ஒரே விசிறியை மாற்றி மாற்றி வீசுவார்கள்.

"அப்போது அந்தக் கோழி..." என்று கேஸ் மறுபடி ஆரம்பித்தார்.

வாசல் கதவு திறந்தது. வேலை முடிந்து வந்த சுனிதா அக்கா இருட்டைப் பார்த்துவிட்டு நேரே மீட்டர் அலமாரிக்குப் போயிருக்கிறார். க்ளிக். கூடத்தின் பெரிய விளக்கு பளீரென்று எரிந்தது. மேஜையில் சிந்திய காபி, கேஸின் வழுக்கை, என் கால் உறையின் ஓட்டை, எல்லாம் தெரிந்தன.

ஊரில் என்றால் கரண்ட் வந்ததும் தெருவே "ஏய்ய்ய்" என்று கத்தும். இங்கே வில்லும் கேஸும், "ஆஆ..." என்றார்கள். பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியதும் எழுமே, அந்த ஓசை.

"என்ன ஆச்சு? சரிசெய்தது தப்பா?" என்று கேட்டபடி கோட்டைக் கழற்றாமல் நின்றார் சுனிதா அக்கா.

நான்தான் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தேன். எழுந்து அணைத்தேன். மெழுகுவத்திகள் இருந்த இடத்திலேயே மறுபடி தெரிந்தன. சுனிதா அக்கா ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, கோப்பையை நீட்டி ஒரு நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

"எங்கே விட்டேன்?" என்றார் கேஸ்.

"கோழி" என்றேன்.