நொய்யல் சாயக்கழிவுச் செய்தி: வக்கீல் நோட்டீசுக்குப் பதில்

விரைவு அஞ்சல் வழியாக

பெறுநர்: வழக்கறிஞர் அவர்கள், திருப்பூர்

பொருள்: சாயப்பட்டறை உரிமையாளரான தங்கள் கட்சிக்காரர் சார்பில் வந்த நோட்டீஸ்

ஐயா, வணக்கம்.

தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. ஏழு நாளில் செய்தியை நீக்க வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும், 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும், தகவல் கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சட்ட ஆலோசனை பெற்றே இந்தப் பதிலை எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தவறு. செய்தியோடு வந்த இரண்டாவது படம் தங்கள் கட்சிக்காரரின் ஆலை அல்ல, பக்கத்து ஆலை. நீங்கள் சுட்டிக்காட்டியது சரி. படத்தை அன்றே எடுத்துவிட்டோம். இணையத்தில் செய்தியின் கீழேயும் மறுநாள் அச்சில் முதல் பக்கத்திலும் திருத்தம் வெளியிட்டோம். அந்தத் தவறுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்.

செய்தியின் மற்ற பகுதிகளில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. ஆலையின் பின்புறக் குழாயிலிருந்து நொய்யலுக்குள் தண்ணீர் விடப்பட்டது என்பதுதான் செய்தி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற அதன் நகலை இணைத்துள்ளோம். மூன்று இரவுகளில் எங்கள் நிருபர் எடுத்த காணொளியும் இருக்கிறது.

தங்கள் நோட்டீசும் தண்ணீர் விட்டதை மறுக்கவில்லை. ஆறாவது பத்தியில், அது "சுத்திகரிக்கப்பட்ட நீர்" என்று சொல்கிறீர்கள். திருப்பூர் சாயப்பட்டறைகள் சுத்திகரித்த நீரைக்கூட வெளியே விடக் கூடாது, ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்பதல்லவா விதி? அதைப் பின்பற்றாததால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உப்பேறிய கிணறுகளோடு வாழும் விவசாயிகளுக்கு இது பழைய கதை அல்ல.

விளக்கம் கேட்காமல் எழுதினோம் என்பதும் சரியல்ல. வெளியிடுவதற்கு ஆறு நாள் முன்பே பதினொரு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினோம். அப்புறம் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தோம். பதில் வரவில்லை என்பதையும் செய்தியில் எழுதியிருக்கிறோம்.

பொது நலனுக்காக உண்மையை வெளியிடுவது அவதூறு ஆகாது என்பதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவே சொல்கிறது. பொது ஆவணங்களின் அடிப்படையில் எழுதும் உரிமையை உச்ச நீதிமன்றம் 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உறுதி செய்திருக்கிறது. ஆகவே செய்தியை நீக்க மாட்டோம். இழப்பீடு தர வேண்டிய கடமையும் எங்களுக்கு இல்லை. தகவல் கொடுத்தவர் எங்களை நம்பிப் பேசியவர். அவர் பெயரைத் தர இயலாது.

எங்கள் நிருபரைத் தனியாகக் குறிப்பிட்டு எச்சரித்திருக்கிறீர்கள். செய்தியை வாசித்து, ஒப்புதல் தந்து வெளியிட்டவன் நான். இனி எந்தக் கடிதமானாலும் என் பெயருக்கே அனுப்புங்கள்.

தங்கள் கட்சிக்காரர் விளக்கம் தர விரும்பினால், 400 சொற்களுக்குள் எழுதி அனுப்பட்டும். அதே பக்கத்தில் வெளியிடுகிறோம். நேரில் ஆலையைக் காட்ட அழைத்தாலும் வருகிறோம். வழக்குத் தொடர்ந்தால் நீதிமன்றத்தில் ஆவணங்களோடு எதிர்கொள்வோம். எங்கள் சட்ட உரிமைகள் எதையும் இந்தப் பதிலால் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஆசிரியர்

இணைப்பு: ஆய்வு அறிக்கை, மின்னஞ்சல், வெளியான திருத்தம் ஆகியவற்றின் நகல்கள்