மன்றக் கணக்கு 2024-25: பெட்டியில் 14,000, உபரி 22,900

போன கூட்டத்தில் பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கை வாசித்ததும், "கையில் 8,200 இருந்தது 14,000 ஆகியிருக்கிறது, அப்போ மிச்சம் 5,800தானே" என்று நம்மில் பலர் சொன்னீர்கள். அது பணம் வந்துபோன கதை மட்டும், வருமானம் வேறு. வருவாய் மற்றும் செலவினக் கணக்காக மாற்றி எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் பாருங்கள்.

31.3.2025 வரை ரொக்கம் இப்படி.
பெறுதல்கள்: தொடக்க இருப்பு 8,200, சந்தா 69,000 (2023-24க்கு 4,800, 2024-25க்கு 61,200, 2025-26க்கு 3,000), கூடத்தை வாடகைக்கு விட்டது 14,500, பழைய பேப்பர் விற்றது 1,300. மொத்தம் 93,000.
செலுத்தல்கள்: காவலாளி சம்பளம் 33,000, மின்சாரம் 9,600, இறகுப்பந்து, வலை 12,400, இட வாடகை 6,000, கேரம் மேசைகள் 18,000, இறுதி இருப்பு 14,000. மொத்தம் 93,000.

தலைவலியே சந்தாதான். நாம் 120 பேர், தலைக்கு 600, ஆக இந்த ஆண்டு வருமானம் 72,000. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது அதை மாற்றாது. 61,200 வந்துவிட்டது, இரண்டு பேர் போன வருடமே 1,200 முன்கூட்டிக் கட்டிவிட்டார்கள், மீதி 9,600, அதாவது 16 பேர் பாக்கி. (யார் என்று எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.)

பழைய பாக்கி 6,600ல் 4,800 வசூலாகி 1,800 இன்னும் நிற்கிறது. இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன்: ஆண்டு முடிவில் வர வேண்டியது 11,400 என்று மொத்தத்தையும் கூட்டிவிட்டு, வசூலான 4,800ஐ மட்டும் கழித்தேன், 73,800 வந்தது. 11,400ஐக் கூட்டினால் 6,600ஐ முழுதாகக் கழிக்க வேண்டும்:

69,000 + 11,400 − 6,600 + 1,200 − 3,000 = 72,000

மார்ச் மாதச் சம்பளம் 3,000 இன்னும் கொடுக்கவில்லை, அதுவும் இந்த ஆண்டுச் செலவுதான். கேரம் மேசைகள் பல வருடம் உழைக்கும் சொத்து, அதனால் 18,000 முதலினச் செலவு, முழுதாக இந்த ஆண்டுச் செலவில் வராது. அக்டோபர் 1 அன்று வாங்கியதால் 10% வீதம் ஆறு மாதத் தேய்மானம் 900 மட்டும் இங்கே வரும்.

வருவாய் மற்றும் செலவினக் கணக்கு
வருவாய்: சந்தா 72,000, கூடத்தை வாடகைக்கு விட்டது 14,500, பழைய பேப்பர் 1,300. மொத்தம் 87,800.
செலவினம்: சம்பளம் 36,000, மின்சாரம் 9,600, இறகுப்பந்து, வலை 12,400, இட வாடகை 6,000, தேய்மானம் 900. மொத்தம் 64,900.
உபரி 22,900.

சரி, 22,900 எங்கே என்று கேட்பீர்கள். பெரும்பகுதி கேரம் மேசையாக நிற்கிறது, கொஞ்சம் உங்கள் பாக்கெட்டில் சந்தாப் பாக்கியாக இருக்கிறது. இருப்புநிலைக் குறிப்பில் 11,400 சொத்துப் பக்கம், 2025-26 சந்தா 3,000மும் சம்பளப் பாக்கி 3,000மும் பொறுப்புப் பக்கம். பழைய 1,800 வராது என்று கமிட்டி முடிவு செய்தால் வாராக்கடனாகப் போட்டு உபரியை 21,100 ஆக்கிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.