வசூல் சீட்டு

பொள்ளாச்சி – பழனி தடத்தில் ஓடும் அந்தத் தனியார் பஸ்ஸின் கண்டக்டர் சுப்பிரமணி, இரவு ஒன்பது மணிக்கு மேல் வண்டியை ஷெட்டில் விட்டதும் கடைசி சீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார். கோடு போட்ட நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். நடை, புறப்பட்ட நேரம், டிரைவர் பெயர், வசூல். ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டிருப்பார், அதில் அன்றன்றைய விசேஷம். ‘முன்னால் கவர்மென்ட் வண்டி லேட்’, ‘மடத்துக்குளத்தில் கல்யாணக் கூட்டம்’ என்று பென்சிலில் கிடக்கும். எழுதி முடித்து, போனில் படம் பிடித்து ஆபீஸ் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. பணம் மறுநாள் காலையில் ஆபீஸில் கட்டப்படும்.

பழைய மேனேஜர் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். கேள்வி ஏதாவது இருந்தால் அப்போதே கூப்பிட்டுவிடுவார். அவர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேலையை விட்டார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த பிரவீன் அவர் இடத்துக்கு வந்தான்.

வந்த அன்றே, போட்டோவெல்லாம் வேண்டாம், எக்செல்லில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டான். ஆபீஸில் இருக்கும் பூங்கொடிக்கு அது பெரிய வேலையாகவும் இல்லை. படத்தைக் காட்டினால் போனே அட்டவணையாக்கித் தருகிறது. சில பெயர்களைத் திருத்துவாள், ஓரத்துப் பென்சில் எழுத்தை வெட்டிவிடுவாள், அனுப்பிவிடுவாள். மொத்தம் என்று சுப்பிரமணி கையால் போட்டிருந்த வரியை பிரவீன் அழித்துவிட்டு =SUM(D2:D7) என்று போட்டுக்கொண்டான். கண்டக்டர் கூட்டலை நம்பி ஒரு கம்பெனி நடக்குமா?

இரண்டு வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி ஆபீஸுக்கு வந்தபோது பிரவீன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்.

“பழனி வண்டி கணக்கு இடிக்குதுங்க.”

“எவ்வளவு குறையுது?”

“குறையலைங்க. கூடுது.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷமாக பஸ் விடுகிறார், இப்படி ஒரு புகாரை அவர் கேட்டதில்லை.

“வசூல் 17,100. கட்டியிருக்கறது 20,600. இது வெள்ளிக்கிழமை. சில நாள் வித்தியாசமே இல்லை, சில நாள் மூவாயிரம், நாலாயிரம். ஒரு நாள் ஏழாயிரத்துச் சொச்சம்.”

“கூடக் கட்டறவனை எதுக்குப்பா விசாரிக்கற?”

“அதாங்க சந்தேகமே. ஏதோ ஒரு நடையை எழுதாம மறைக்கறார். முன்ன எடுத்ததை இப்பக் கொண்டாந்து வைக்கறாரோ என்னவோ. அப்புறம் டிரைவர் பேரு முதல் வரியில மட்டும் இருக்கு, மத்த அஞ்சு நடைக்கும் 11, 11னு இருக்கு. பதினொண்ணாம் நம்பர் டிரைவர் யாருங்க?”

முதலாளிக்குத் தெரியவில்லை. “நீயே கூப்பிட்டுக் கேளு. சத்தம் போடாம கேளு, அவன் எங்கப்பா காலத்து ஆளு” என்று சொல்லிவிட்டு பெட்ரோல் பங்க் பக்கம் கிளம்பினார்.

மதியம் ஒன்றரை நடைக்கு வேறு ஆளைப் போட்டு சுப்பிரமணியை இறக்கினார்கள். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள் அப்படியே இருந்தன. பிரவீன் நாற்காலியைக் காட்டினான். அவர் உட்காரவில்லை.

“அண்ணா, வெள்ளிக்கிழமை மொத்தம் எவ்வளவு வசூல்?”

“இருபதாயிரத்து அறுநூறுங்க.”

“கூட்டிப் பாத்தா பதினேழாயிரத்து நூறுதான் வருது.”

“வராதுங்க.”

கோபமில்லை அந்தக் குரலில். சில்லறை சரியாகத்தான் கொடுத்தேன் என்று பயணியிடம் சொல்கிற அதே தொனி. பிரவீன் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

```
நடை  நேரம்  டிரைவர்      வசூல்
1    5.4    மணி          3265
2    8.1    11           4110
3    10.5   11           2840
4    1.3    11     3500/-
5    4.15   11           3980
6    7      11           2905
```

சுப்பிரமணி பையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்தார். கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தார்.

“என்னங்க இது, அஞ்சு நாப்பது வண்டியை அஞ்சு நாலுன்னு போட்டிருக்கீங்க? அஞ்சு நாலுக்கு நாங்க ஷெட்டுல பல்லு வெளக்கிட்டிருப்போம்.”

பூங்கொடி சிரிப்பை அடக்க ஃபைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

“அதை விடுங்க. பதினொண்ணு யாரு?”

“பதினொண்ணா? அது மேற்படிங்க. ரெண்டு கோடு. மேல இருக்கற மணியேதான் கீழயும்.” விரல் மெதுவாக நான்காம் வரிக்கு இறங்கி அங்கேயே நின்றது. “எல்லாத் தொகையும் வலது ஓரத்துல வரிசையா நிக்குது. இந்த ஒண்ணு மட்டும் ஏனுங்க இடப்பக்கம் ஒதுங்கி நிக்குது?”

பிரவீன் பார்த்தான். பனியன் கம்பெனியில் இதே சங்கதியை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பான்! எண் என்றால் வலது பக்கம் ஒட்டும், எழுத்து என்றால் இடது பக்கம். பின்னால் ஒரு சாய்கோடும் ஒரு சிறுகோடும் இருப்பதால் மூவாயிரத்து ஐந்நூறை எக்செல் எழுத்தாக எடுத்துக்கொண்டது. எழுத்தை SUM கூட்டாது. தப்பென்றும் சொல்லாது, தாண்டிப் போய்விடும்.

கோட்டை அழித்தான். கீழே 17100 இருந்த இடத்தில் 20600 வந்து உட்கார்ந்தது.

அடுத்த நாள் சீட்டைத் திறந்தான். 4200/-. அழித்தான், சரியாயிற்று. அதற்கடுத்ததில் இரண்டு நடைக்குக் கோடு, ஏழாயிரத்துச் சொச்சம் இடித்த நாள் அது. ஒவ்வொன்றாகத் திறந்து அழித்துக்கொண்டே போனான். சுப்பிரமணி அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“எல்லாத்துக்கும் போடாம, ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் ஏன்ணா கோடு போடறீங்க?”

“முழு நூறா வந்தா மட்டும் போடுவேனுங்க. பஸ் வசூல் என்னிக்குங்க முழுசா வரும்? அஞ்சும் பத்துமா துண்டு தொங்கும். முழுசா எழுதினா, குத்துமதிப்பாப் போட்டுட்டான்னு பாக்கறவங்களுக்குத் தோணும். அதனால மறுபடி டிக்கெட் நம்பரைப் பாத்து, பணத்தை இன்னொருக்கா எண்ணிட்டு, கோட்டைப் போட்டு மூடிருவேன். பழைய மேனேஜரு அந்தக் கோட்டைப் பாத்தா மேல ஒண்ணும் கேக்க மாட்டாருங்க.”

பிரவீன் பேனாவைத் திறந்தான், மூடினான். காலையில் கதவைச் சாத்திவிட்டுப் பேசியதை முதலாளியிடம் எப்படித் திரும்ப எடுப்பது என்பதுதான் அவன் மனசில் ஓடியது.

“நாளையிலிருந்து அந்தக் கோடு வேண்டாம்ணா. வெறும் நம்பர் போதும்.”

“சரிங்க.” எழுந்து பையை மாட்டினார். வாசல் வரை போனவர் நின்றார். “அப்ப ரெண்டாந் தடவை எண்ணினதுக்கு என்னங்க போடறது?”

பிரவீனிடம் பதில் இல்லை. தனியாக ஒரு கட்டம் சேர்க்கலாமா என்று பூங்கொடியைப் பார்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். வெள்ளிக்கிழமை மூன்றாம் நடை ஏன் 2,840-க்கு விழுந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதையும் கேட்டான்.

“ஓரத்துல எழுதியிருந்தேனே? முன்னால போக வேண்டிய வண்டி உடுமலையில பத்து நிமிஷம் போட்டுட்டு, எங்களுக்கு ரெண்டு நிமிஷம் முன்ன எடுத்தான். வழியெல்லாம் அவன் அள்ளிட்டுப் போயிட்டான்.”

“ஓரம் இதுல வராதுண்ணா.” பிரவீன் தன் போனை எடுத்தான். “போட்டோவை எனக்கும் ஒண்ணு போட்டுவிடுங்க. நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க.”

சுப்பிரமணி சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, டிக்கெட் புத்தகத்தின் அட்டையில் எண்ணை எழுதினார். எழுதியதை ஒரு தடவை திருப்பிப் படித்துக் காட்டினார். பக்கத்தில் ‘மேனேஜர், புதுசு’ என்று குறித்துக்கொண்டு, நாலே கால் நடையைப் பிடிக்க பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.