வசைச் சொற்களை எடுத்துச் சொல்வது: இரவுப் பணி மொழிபெயர்ப்பாளர்களுக்கான குறிப்பு

வங்காளம், இந்தி மொழி உதவிப் பிரிவு, வேலூர். அவசரப் பிரிவு, டயாலிசிஸ், ஐ.சி.யூ. பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு.

மால்டாவிலிருந்தோ தன்பாத்திலிருந்தோ ரயிலேறி வரும் நோயாளிக்கு இங்கே மொழி புரியாது, சாப்பாடு பிடிக்காது, சுற்றி நிற்பவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்றும் தெரியாது. பயம் முற்றினால் வாயில் வசை வரும். அதை நீங்கள் முழுதாகத் தமிழில் சொல்ல வேண்டும். குரலை மட்டும் ஏற்ற வேண்டாம். சொல்லின் சூடு சொல்லிலேயே இருக்கட்டும், உங்கள் தொண்டைக்கு வர வேண்டாம்.

அமெரிக்காவில் 2005இல் வெளியான மருத்துவ மொழிபெயர்ப்பாளர் நெறிமுறையும் மரியாதைக் குறைவான பேச்சை விடாமல் சொல்லவே சொல்கிறது. ஆனால் நாம் விடாமல் சொல்வது அந்த விதிக்காக அல்ல, வசையும் நோய்க்குறியும் ஒரே மூச்சில் வருவதற்காக.

கழுத்தில் டயாலிசிஸ் கதீட்டர் போடும்போது முகத்தின் மேல் பச்சைத் துணி விரிப்பார்கள். துணிக்கு அடியிலிருந்து வழக்கமாக வரும் சத்தம் இது: "ஷாலா, ஷுவோரேர் பாச்சா, ச்சார்! தம் பொந்தோ ஹோயே ஜாச்சே! மேரே ஃபேல்பே!"

"பயப்படுறாரு டாக்டர், கொஞ்சம் மெதுவா பண்ணச் சொல்றாரு" என்று சொன்னால் மூச்சு அடைப்பது காணாமல் போய்விட்டது. அவரைப் போலவே கத்திச் சொன்னால் ஊசி பிடித்த கை நடுங்கும். சொல்ல வேண்டியது, அடங்கிய குரலில், இது: "'டேய் நாயே, பன்னிக்குப் பொறந்தவனே, விடுடா. மூச்சு அடைக்குது. என்னைக் கொன்னுடுவீங்க.'" இதைக் கேட்ட மருத்துவர் துணியைத் தூக்கிப் பார்ப்பார், ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார். துணியால் வந்த திணறலா, நுரையீரலில் ஊசி பட்டதா என்று அவர்தான் பிரிக்க வேண்டும். மேலே உள்ள "ச்சார்" என்பது "விடு". நம் செவிலியர் காதில் அது "சார்" என்றே விழும், மரியாதையாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் அந்த ஒரு சொல்லைத் தவறவே விடாதீர்கள்.

வினைச்சொல்லின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். வங்காளத்தில் "மேரே ஃபேல்பே" என்றால் கொன்றுவிடுவார்கள், கொன்றுவிடுவீர்கள். "மேரே ஃபேல்போ" என்றால் கொன்றுவிடுவேன். கத்தும்போது "என்னை", "உன்னை" எல்லாம் விழுந்துவிடும், மிஞ்சுவது அந்த ஒரு உயிரெழுத்து. இந்தியில் "மர் ஜாவூங்கா" செத்துவிடுவேன், "மார் டாலூங்கா" கொன்றுவிடுவேன். முதலாவது பயம், இரண்டாவது மிரட்டல். மிரட்டல் என்று பதிவானால் செக்யூரிட்டி வருவார்கள். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் வரைக்கும் பேச்சு போகும். உங்கள் காது அங்கே சாட்சி. சரியாகக் கேட்கவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். "கொல்றதைப் பத்தி ஏதோ சொன்னார், யார் யாரைன்னு தெளிவா கேக்கலை, திரும்பக் கேக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

வசையைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கக் கூடாது, எடைக்கு எடை பெயர்க்க வேண்டும். "ஷாலா"வின் நேர்ப்பொருள் மைத்துனன். "மச்சான்" என்று சொன்னால் கொஞ்சுவது போலாகிவிடும். வலியில் தானாக வரும் "ஷாலா"வுக்கு "சனியனே" போதும், ஆளைப் பார்த்துச் சொன்னால் "நாயே". "கான்கிர் சேலே"க்குத் தமிழில் இருப்பது "தேவடியா மகனே" தான். அதை "கெட்ட வார்த்தை சொல்றார்" என்று மூடி வைத்தால், சனியனுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். "ஆப்னி" என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று "துய்"க்கு இறங்கினால் தமிழிலும் "நீங்க" போய் "டா" வர வேண்டும். அந்த இறக்கம் ஒரு எச்சரிக்கை.

சாதி, மதம், ஊரைச் சொல்லித் திட்டினாலும் இதே முறைதான். எந்தச் சொல்லை எடுத்தார் என்பது திட்டு வாங்கியவருக்குத் தெரிய வேண்டும். அதை என்ன செய்வது என்று வார்டு பொறுப்பாளர் முடிவு செய்வார்.

ஒரே வசை திரும்பத் திரும்ப வந்தால் முதல் முறை முழுதாகச் சொல்லுங்கள், பிறகு "அதே வார்த்தை, இன்னும் மூணு தடவை". இது சுருக்கம்தான், ஆனால் எத்தனை தடவை என்பதை விடாத சுருக்கம். நடுவில் புதிதாக ஒரு சொல் வந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டவர்களிடம் இது இன்னும் முக்கியம். நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் பேச்சுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். தெளிவாகப் பதில் சொன்னால் 5. வாக்கியமாகப் பேசியும் குழப்பமிருந்தால் 4. கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒற்றைச் சொற்கள் என்றால் 3. முனகல் 2, சத்தமே இல்லையென்றால் 1. "எங்க இருக்கீங்க?" என்றதற்கு "உனக்கெதுக்குடா, வீட்லதான் இருக்கேன்" என்று வந்தால் அது 4 பக்கம். எதைக் கேட்டாலும் "ஷாலா... ஷாலா..." மட்டும் வந்தால் 3 பக்கம். அதை "கோபமா இருக்கார், பதில் சொல்ல மாட்டேங்கிறார்" என்று சொன்னால், முடியாததை மறுப்பாக மாற்றிவிட்டீர்கள். மதிப்பெண் போடுவது நம் வேலையல்ல. "கேள்விக்குப் பதில் இல்லை, 'சனியனே'ங்கிற ஒரே வார்த்தையை நாலு தடவை சொன்னார், நாக்கு குழறுது" என்று சொல்வதோடு நிறுத்துங்கள்.

அமைதியாக இருந்தவர் திடீரென்று திட்ட ஆரம்பித்தால் அந்த மாற்றத்தையும் சொல்லுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும், ஆக்சிஜனோ சோடியமோ குறைந்தாலும், சிறுநீர் அடைத்தாலும், குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாள் ஆனாலும் இப்படி வரும்.

கூட வந்திருக்கும் அட்டெண்டர் உங்கள் கையைப் பிடித்து, "தாதா, அதைச் சொல்லிடாதீங்க, மருந்து கொடுக்க மாட்டாங்க" என்பார். அந்தப் பயத்தைக் குறைத்து நினைக்க வேண்டாம். ஆனால் பதில் முதலிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும், இரு பக்கமும் கேட்க, இரு மொழியிலும்: "இங்கே யார் என்ன பேசினாலும் அப்படியே அடுத்தவருக்குச் சொல்வேன்." இது நம் ஆட்களுக்கும் பொருந்தும். "இவனைக் கட்டிப் போடுங்க" என்று யாராவது உரக்கச் சொன்னால் அதுவும் வங்காளத்துக்குப் போகும். இரண்டொரு முறை போனால் வார்டில் பேச்சு தானாகத் திருந்தும்.

தன்மையிலேயே பேசுங்கள், "நான்" என்றால் நோயாளி. கலவரத்தில் செவிலியர் குழம்பினால் தொடக்கத்தில் ஒரு முறை "நோயாளி சொல்றது" என்று போட்டுக்கொள்ளலாம். சிரிப்பு, உதட்டைச் சுழிப்பது, "பாவம்" என்று ஒட்டுவது எதுவும் வேண்டாம். தலைமாட்டுப் பக்கம், கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

கேஸ் ஷீட்டில் எழுதும் செவிலியர் உங்களைக் கேட்பார். "தகாத வார்த்தை பேசினார்" என்று எழுத விடாதீர்கள். நேரம், கேட்ட சொல் தமிழ் எழுத்தில், பொருள், அப்போது நடந்துகொண்டிருந்தது. மாதிரி: "2.40, கதீட்டர் போடும்போது. 'மேரே ஃபேல்பே': 'கொன்னுடுவீங்க'. மூச்சு அடைப்பதாகவும் சொன்னார். துணியை விலக்கியதும் திட்டுவது நின்றது."

உங்கள் தாயைச் சொல்லித் திட்டியது காதில் நின்றுவிட்டால் அடுத்த நோயாளிக்கு முன் ஆளை மாற்றிக்கொள்ளலாம். ரோஸ்டரில் இரவுக்கு இரண்டு பேர் போடுவது அதற்கும் சேர்த்துத்தான். மாற்றும்போது, எதுவரை சொல்லியாயிற்று, எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ் வைத்தீர்கள் என்பதை வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.