சாவி

குடியாத்தத்தில் ஆறரை மணி பஸ் பிடித்தவள், சத்துவாச்சாரியில் ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படியில் எட்டேகாலுக்கே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதுக்குத்தான் திறந்தார்கள். திறந்ததும் தொடங்கிய சத்தம் அடங்கவே இல்லை.

தேதி 20. ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். இன்டர்ன்ஷிப்புக்கு யாராவது இந்தத் தேதியில் போய்ச் சேருவார்களா? காலேஜில் கொடுத்த தேதி அது.

"ஓடிபி சொல்லுங்கண்ணே... பழசு இல்லண்ணே, இப்ப வந்தது!" என்று நாலு பேர் நாலு போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஒன்றின் பர்ச்சேஸ் பில் கட்டு. டேலியில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் சொன்னார்கள்.

பதினோரு மணிக்கு அது முட்டிக்கொண்டு வந்தது. காலையில் வீட்டில் போனதோடு சரி. பாத்ரூம் கீழ்த்தளத்தில், பூட்டியிருக்கும். சாவி ஆடிட்டர் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது என்பதைப் பார்த்து வைத்திருந்தேன். அவரோ உள்ளே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். யாரிடம் கேட்பது? தண்ணீர் பாட்டிலைத் தொடாமல், கால்மேல் கால் போட்டு, ஒரே பில்லை மூன்று முறை படித்தேன்.

"இன்னாம்மா, அந்தச் சித்தூர் பில்ல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு பிரிச்சிருக்க?"

பின்னால் செல்வி அக்கா. பன்னிரண்டு வருஷமாக அங்கே இருப்பவர். குரல் தணிந்தே இருந்தது. பில்லின் ஜிஎஸ்டி நம்பரில் முதல் இரண்டு எண்ணை நகத்தால் தொட்டார். "33னா நம்மூரு. இது 37, ஆந்திரா. ஐஜிஎஸ்டி போடு."

திருத்தினேன். கை நடுங்கியது. அக்கா என் காலைப் பார்த்தாரா, முகத்தைப் பார்த்தாரா, தெரியவில்லை. விறுவிறுவென்று ஆடிட்டர் அறைக்குள் போய், மரக்கட்டை கட்டிய சாவியோடு திரும்பினார்.

"கீழ ஒரே இருட்டு. துணைக்கு வரியா?"

போனோம். சாவியை என் கையில் கொடுத்து, "நீ முதல்ல போ" என்றார். நான் வெளியே வந்தபோது படிக்கட்டில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலையாக்கா?"

"அப்புறம் போய்க்கறேன். வா, பில்லு கெடக்குது."

கீழே இருட்டெல்லாம் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்தேன். என் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில், காலண்டர் மாட்டியிருந்த ஆணியில், மரக்கட்டையோடு சாவி ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் போனில் இருந்தார்.

"ஓடிபி வந்துச்சாண்ணே?"