கொள்முதல் கணக்குப் பிரிவுக்கு இளநிலைக் கணக்கர் ஒருவரை நியமிக்க அனுமதி கோரும் முன்மொழிவு

அனுப்புநர்: உதவி மேலாளர், கொள்முதல் கணக்குப் பிரிவு
பெறுநர்: பொது மேலாளர், நிதித் துறை

மதிப்பிற்குரிய ஐயா,

சப்ளையர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் வழங்கும் எங்கள் பிரிவில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாதம் 1,080 பில்கள் வந்தபோதும் நான்கு பேரே இருந்தோம்; 1,500 பில்கள் வரும் இன்றும் அதே நான்கு பேரே இருக்கிறோம். ஐந்தாவதாக ஒரு இளநிலைக் கணக்கரை, முதலில் ஓராண்டு ஒப்பந்தத்தில், நியமிக்க அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கோரிக்கை அலுப்பினால் எழுந்ததாகக் கருதப்படக் கூடாது என்பதற்காக, மாத நடுவிலும் மாத இறுதியிலுமாக மொத்தம் ஆறு வாரங்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை நால்வரும் குறித்து வந்தோம். நாமே குறித்த நேரம் கூடுதலாக இருந்துவிடலாம் என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஆகவே 120 பில்களுக்குக் கணக்கு மென்பொருளில் பதிவான நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறுபாடு பில்லுக்கு ஒரு நிமிடத்திற்கும் குறைவு.

விடுப்பு, இடைவேளை, கூட்டங்கள் ஆகியவை போக ஒருவருக்கு மாதத்தில் 140 மணி நேரம் கிடைக்கிறது. நால்வருக்கும் சேர்த்து 560 மணி. தேவைப்படுவதோ 690 மணி. இதில் பில்களுக்கு மட்டும் 450 மணி, சப்ளையர்களின் விசாரணைகளுக்குப் பதில் சொல்ல 80 மணி, மாத இறுதிக் கணக்கு முடிப்புக்கு 85 மணி, வரிப்பிடித்தம் மற்றும் தணிக்கை ஆவணங்களுக்கு 75 மணி செலவாகின்றன.

பில்களுக்கான அந்த 450 மணியைத் தனியாகப் பார்க்க வேண்டும். கொள்முதல் ஆணையும் சரக்கு வரவுக் குறிப்பும் பில்லும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் 1,200 பில்கள் தலா 10 நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. அளவிலோ விலையிலோ முரண்படும் மீதி 300 பில்கள் தலா 50 நிமிடம் எடுக்கின்றன. கிடங்கைக் கேட்டு, கொள்முதல் பிரிவைக் கேட்டு, சப்ளையரிடமிருந்து திருத்திய பில் வரும்வரை காத்திருந்து முடிக்க வேண்டியிருப்பதே காரணம். ஐந்தில் ஒரு பங்கு பில்கள் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை விழுங்குகின்றன.

அப்படியானால் முரண்பாட்டைக் குறைத்தால் போதாதா என்று தாங்கள் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வி. கொள்முதல் பிரிவோடு அதற்கான பேச்சைத் தொடங்கியும் விட்டோம். முரண்படும் பில்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் மாதம் ஏறத்தாழ 67 மணி மிஞ்சும். ஆனால் பில்கள் இதே வேகத்தில் பெருகினால், அடுத்த ஓராண்டுக்குள் கூடும் 210 பில்களே இன்றைய சராசரியான 18 நிமிடக் கணக்கில் 63 மணியை எடுத்துக்கொள்ளும்.

பற்றாக்குறையான 130 மணியில் 90 மணியை மிகைநேர வேலையால் ஈடுசெய்கிறோம். மீதி 40 மணி வேலை நடப்பதே இல்லை. அதன் ஒரு பகுதி நிலுவையாகிறது: பத்து நாட்களுக்கு மேல் தேங்கிய பில்கள் ஆறு மாதத்தில் 70இலிருந்து 310ஆக உயர்ந்துள்ளன. மறுபகுதி, சிறு சப்ளையர்களின் கணக்கு ஒத்திசைவைக் கைவிட்டதில் மறைந்திருக்கிறது; இதைத்தான் நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். கடந்த ஆண்டில் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் சென்ற மூன்று நிகழ்வுகளும் இத்தகைய கணக்குகளில்தான் நேர்ந்தன. அவற்றில் ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை. 15 நாட்களுக்குள் செலுத்தினால் கிடைக்கும் 2 சதவீதத் தள்ளுபடியை ஆறு மாதத்தில் 46 பில்களில் இழந்திருக்கிறோம்.

செலவைப் பொறுத்தவரை, மிகைநேரத்திற்கு இரட்டை விகிதத்தில் ஊதியம் தருவதால், 90 மணி மிகைநேரம் 180 மணி ஊதியத்திற்குச் சமம். ஒரு முழுநேர ஊழியருக்கு மாதம் நாம் ஊதியம் தருவது 176 மணிக்கு. அதாவது ஐந்தாவது ஆளின் சம்பளத்தை இப்போதே கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் மூத்தவர்களின் ஊதிய விகிதத்தில். புதியவருக்கான சேமநிதி, காப்பீடு, கணினி ஆகியவை கூடுதல் செலவே. மாத இறுதியில் ஓரளவு மிகைநேரமும் தொடரும். ஆயினும் இளநிலை ஊதியம் குறைவென்பதால் நிகரச் சுமை சிறிதாகவே இருக்கும்.

ஒருவர் ஒன்பது நாட்கள் மருத்துவ விடுப்பில் இருந்தபோது மற்ற மூவரும் இரவு ஒன்பது மணிக்கு முன் வீடு திரும்பவில்லை. சென்ற ஆண்டு நால்வரும் எடுக்க முடியாமல் காலாவதியான விடுப்பு 31 நாட்கள். இவர்களில் ஒருவர் விலகினாலும் அந்த அனுபவத்தை உடனே ஈடுசெய்ய இயலாது.

புதியவர் ஒத்துப்போகும் பில்களை ஏற்பார். முரண்படுபவற்றையும் ஒத்திசைவையும் அனுபவமுள்ளவர்கள் பார்ப்பார்கள். பயிற்சிக்கு மூன்று மாதம் தேவைப்படும். ஒன்பதாம் மாத இறுதியில் பிரிவின் மொத்த மிகைநேரம் 20 மணிக்குள்ளும், தேங்கிய பில்கள் 80க்குள்ளும் வராவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கோர மாட்டேன். நேரக் குறிப்பேடுகளும் வருகைப் பதிவின் நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஆண்டுக் கணக்கு முடிப்புக்கு முன் பயிற்சி நிறைவடைய ஏதுவாக, இம்மாத இறுதிக்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உதவி மேலாளர், கொள்முதல் கணக்குப் பிரிவு