மூணாவது சேப்டருக்கு ரெண்டு வாரம் டைம் வேணும் மேம், அப்பாவுக்கு ஸ்ட்ரோக்

வணக்கம் மேம்,

வர்ற வெள்ளிக்கிழமை 14ஆம் தேதி தீசிஸோட மூணாவது சேப்டர் தந்துடறேன்னு சொல்லியிருந்தேன். இப்ப முடியாது போல இருக்கு மேம், 28ஆம் தேதி வரைக்கும் டைம் குடுப்பீங்களான்னு கேக்கத்தான் எழுதறேன்.

ஞாயித்துக்கிழமை காலைல அப்பா எந்திரிக்கும்போதே வலது கை கால் வரல, பேச்சும் குழறிடுச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், ஸ்கேன்ல மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்புன்னு தெரிஞ்சுது. நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தா கட்டியக் கரைக்கிற ஊசி போடலாமாம், ஆனா தூக்கத்துலயே வந்ததால எப்ப ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் தெரியல, அதனால போட முடியலன்னு சொல்லிட்டாங்க. அத நெனச்சாதான் இன்னும் மனசு ஆற மாட்டேங்குது.

நேத்துதான் ஐசியூல இருந்து வார்டுக்கு மாத்துனாங்க. முழுங்கறது சரியா வரல, வாய் வழியா குடுத்தா நுரையீரலுக்குப் போயிடும்னு மூக்குல ட்யூப் போட்டிருக்காங்க. அவரு "தண்ணி, தண்ணி"ன்னு இடது கையால என் கையப் புடிச்சிட்டு கேக்கறாரு, பஞ்ச நனைச்சு உதட்ட மட்டும் துடைச்சு விடறேன். படுக்கைப்புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வெக்கணும், அம்மாவுக்கு அந்த பலம் இல்ல, அதனால ராத்திரி தம்பி, பகல் ஃபுல்லா நான். லேப்டாப் பக்கத்துலதான் இருக்கு, தொறந்து ஒரு பாரா அடிக்கறதுக்குள்ள நர்ஸ் கூப்பிடுவாங்க.

வேலை எந்த அளவுல இருக்குன்னு சொல்லிடறேன் மேம். 26 இண்டர்வியூல 21 டைப் பண்ணி கோடிங் முடிச்சாச்சு, மிச்சம் 5 ஆடியோவாவே இருக்கு. மெத்தட் பகுதி முழுசா ரெடி, அத இன்னைக்கே இதோட அட்டாச் பண்ணியிருக்கேன், முடிஞ்சா பாத்து வெச்சீங்கன்னா நான் திரும்பி உக்காரும்போது திருத்த வசதியா இருக்கும். ரிசல்ட்ஸ்தான் பாக்கி. அத அரைகுறையா எழுதி அனுப்ப எனக்கு மனசு வரல, இண்டர்வியூ குடுத்த பொம்பளைங்க அவ்ளோ நேரம் ஒதுக்கி மனசு விட்டுப் பேசினாங்க, ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அவசரத்துல எழுதற விஷயம் இல்ல அது.

வர்ற திங்கள்ல இருந்து சித்தி வந்து பகல்ல பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க, அப்ப எனக்கு தினமும் நாலஞ்சு மணி நேரம் கிடைக்கும். அத வெச்சுக் கணக்குப் போட்டுத்தான் 28ன்னு சொல்றேன், சும்மா ஒரு தேதி சொல்லல. நடுவுல ஏதாச்சும் மாறுச்சுன்னா கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காம உடனே சொல்லிடறேன்.

20ஆம் தேதி கமிட்டி மீட்டிங் தள்ளி வெக்கணுமா, இல்ல மெத்தட் பகுதிய மட்டும் வெச்சு ஆன்லைன்ல பேசலாமான்னு நீங்க சொல்றபடி செய்யறேன். டாக்டர் குடுத்த சர்டிஃபிகேட் வேணும்னா ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்.

வார்டுல போன் எடுக்க முடியாது மேம், மெசேஜ் போட்டீங்கன்னா பாத்துட்டு நானே கூப்பிடறேன்.

நன்றி மேம்,
கவிதா